‘தான்’ உதிர்ந்தால் விதி திரும்பும்

கல்வி உதவித்தொகை அறிவிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஆங்கில வாசகம், குடும்ப ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் இல்லாத எவருக்கும் உதவித்தொகை கிடையாது என்கிறது. ஆங்கிலத்தில் இதை ‘நோ’ என்று தொடங்கி ‘அன்லெஸ்’ போட்டு எழுதுவார்கள். இரண்டு எதிர்மறைகள் சேர்ந்து வருவதால் தமிழில் வாசகம் முரடாக இருக்கும் என்று மொழிபெயர்ப்பவர் நினைக்கிறார். இரண்டையும் நீக்கிவிட்டு, ‘ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் இருந்தால் உதவித்தொகை வழங்கப்படும்’ என்று எழுதுகிறார். படிக்கச் சரளமான வாக்கியம். ஆனால் விதி மாறிவிட்டது.

எங்கே மாறியது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நிபந்தனை வாக்கியம் எதுவானாலும் ஏதோ ஒரு நிலைமையை அது நடக்கக் கூடாது என்று விலக்குகிறது. அந்த நிலைமை எது என்று தேட வேண்டும். இங்கே நான்கு மாணவர்கள் இருக்கலாம். வருமானம் வரம்புக்குள் இருந்து தொகை பெற்றவர், வரம்புக்குள் இருந்தும் பெறாதவர், வரம்பைத் தாண்டியும் பெற்றவர், வரம்பைத் தாண்டியதால் பெறாதவர். ஆங்கில விதி விலக்குவது மூன்றாமவரை மட்டுமே. இரண்டாமவரை அது விலக்கவில்லை. மதிப்பெண் போதாமலோ வேறு காரணத்தாலோ அவருக்குத் தொகை கிடைக்காமல் போகலாம். தமிழ் வாசகத்தை அதே நால்வரிடம் வைத்துப் பாருங்கள். அது விலக்குவது இரண்டாமவரை. வரம்புக்குள் இருப்பவருக்கெல்லாம் தொகை உண்டு என்று வாக்குக் கொடுத்துவிட்டது. வரம்பைத் தாண்டியவரைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

தேவையான நிபந்தனை ஒன்று, அதுவே போதுமான நிபந்தனையாகிவிட்டது. இதைச் சரிசெய்ய வேண்டியது ஒரே ஓர் அசை: ‘இருந்தால்தான் வழங்கப்படும்’. ‘இருந்தால் மட்டுமே’ என்றாலும் சரி.

தமிழில் ‘தான்’ எவ்வளவு வலிமையான சொல் என்பதைக் கணக்கில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். ‘ஓர் எண் 10-ஆல் வகுபட்டால் 5-ஆலும் வகுபடும்’ என்பது உண்மை. ‘10-ஆல் வகுபட்டால்தான் 5-ஆல் வகுபடும்’ என்பது பொய். 15 என்ற எண்ணே அதற்குச் சாட்சி. ஆனால் பக்கங்களை இடம் மாற்றி, ‘5-ஆல் வகுபட்டால்தான் 10-ஆல் வகுபடும்’ என்றால் மறுபடியும் உண்மையாகிறது. ‘தான்’ வந்தவுடன் வாக்கியத்தின் திசை திரும்புகிறது. ‘ஆல்’ தனியாக நிற்கும்போது முன்பாதியிலிருந்து பின்பாதிக்குப் போகலாம். ‘ஆல்தான்’ என்று வந்துவிட்டால் பின்பாதியிலிருந்து முன்பாதிக்குத்தான் போக முடியும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதும் இதே விபத்துதான். ‘பணம் கட்டினால்தான் சான்றிதழ்’ என்பதை வெறும் ‘இஃப்’ போட்டு எழுதினால், பணம் கட்டியவர் சான்றிதழைக் கையோடு கேட்கலாம் என்றாகிவிடும். தமிழில் சொன்னவர் அப்படிச் சொல்லவில்லை. கட்டாவிட்டால் கிடையாது என்றுதான் சொன்னார். இங்கே ‘ஒன்லி இஃப்’ வேண்டும்.

இவ்வளவு பெரிய பிழை ஏன் கண்ணில் படுவதில்லை? இதற்கு நல்ல விளக்கம் ஒன்று இருக்கிறது. மைக்கேல் கைஸ், ஆர்னால்ட் ஸ்விக்கி என்ற இரு மொழியியலாளர்கள் 1971-இல் எழுதிய கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டைத் தந்தார்கள். புல்லை வெட்டினால் ஐந்து டாலர் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், வெட்டாவிட்டால் தரமாட்டார் என்றும் கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். வாக்கியத்தில் அது இல்லை. பேச்சுச் சூழல் அதைக் கூட்டிவிடுகிறது. நாமும் அப்படித்தான். ‘பாஸ் பண்ணினால் சைக்கிள்’ என்று அப்பா சொன்னால், ஃபெயிலானாலும் சைக்கிள் வரலாம் என்று எந்தப் பிள்ளையும் நினைப்பதில்லை. ஆகவே வீட்டுப் பேச்சில் ‘ஆல்’ என்பதும் ‘ஆல்தான்’ என்பதும் ஒன்றுபோலவே காதில் விழுகின்றன. மொழிபெயர்ப்பவரும் மேற்பார்வை செய்பவரும் அந்தக் காதோடுதான் படிக்கிறார்கள். வரம்புக்குள் வருமானம் இருந்தும் தொகை கிடைக்காத இரண்டாவது மாணவர் அறிவிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வரும்போதுதான் வேறுபாடு தெரிகிறது.

மருந்துக் குறிப்புகளில் இதைவிட ஆபத்தான வகை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ என்ற சொல் இடம் மாறி நின்றாலும் படிப்பவர் பொருளை ஊகித்துக்கொள்வார். வினைக்கு முன்னால் நின்றபடியே அது வாக்கியத்தின் கடைசியிலுள்ள நிபந்தனையைக் கட்டுப்படுத்தும். தமிழில் ‘மட்டும்’ தனக்கு முன்னால் நிற்கும் சொல்லைத்தான் பற்றும். ‘வலி இருந்தால் மட்டும் இந்த மாத்திரையைச் சாப்பிடவும்’ என்றால் வலி இல்லாதபோது சாப்பிடக் கூடாது. ‘வலி இருந்தால் இந்த மாத்திரையை மட்டும் சாப்பிடவும்’ என்றால் மற்ற மாத்திரைகளை நிறுத்த வேண்டும். ‘வலி மட்டும் இருந்தால்’ என்று தொடங்கினால், வலியோடு காய்ச்சலும் சேர்ந்திருப்பவருக்கு இந்த அறிவுரையே பொருந்தாது. ஒரே ஆங்கில வாக்கியத்திலிருந்து இந்த மூன்றும் பிறக்கலாம். இரண்டாவதை நம்பி ரத்த அழுத்த மாத்திரையை ஒரு பெரியவர் நிறுத்திவிடக்கூடும். சொல் ஆங்கிலத்தில் நின்ற இடத்தைப் பார்த்து அதே இடத்தில் தமிழில் வைப்பதால் வரும் கேடு இது.

தமிழிலேயே இரட்டைப் பொருள் இருந்து, ஆங்கிலம் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வற்புறுத்தும் இடமும் உண்டு. ‘அன்று அவர் வீட்டுக்கு வந்திருந்தால் சாவியை வாங்கியிருப்பார்’ என்று ஒரு சாட்சி சொல்கிறார். அவர் வந்தாரா என்பது எனக்குத் தெரியாது, வந்திருந்தால் வாங்கியிருக்க வேண்டும் என்பது ஒரு பொருள். அவர் வரவேயில்லை, அதனால் வாங்கவும் இல்லை என்பது இன்னொன்று. ‘இருப்பார்’ என்ற துணைவினை ஊகத்துக்கும் வரும், நடக்காத ஒன்றைச் சொல்லவும் வரும். ஆங்கிலத்தில் முதல் பொருளுக்கு ‘மஸ்ட் ஹேவ்’, இரண்டாவதற்கு ‘உட் ஹேவ்’ என்று வடிவமே வேறு. கீழ் நீதிமன்றத்தில் தமிழில் பதிவான சாட்சியம் மேல்முறையீட்டுக்காக ஆங்கிலமாகும்போது, மொழிபெயர்ப்பவர் பழக்கத்தில் ‘உட் ஹேவ்’ என்று எழுதிவிட்டால், அவர் வரவில்லை என்று சாட்சியே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். தாளை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. முன்பின் கேள்விகளைப் பார்க்க வேண்டும். பதிவு செய்யும்போதே ‘அவர் வந்தாரா, உங்களுக்குத் தெரியுமா?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் சிக்கலே இல்லை. தெரியாது என்று சாட்சி சொன்னால், ‘வந்திருந்தார் என்றால்’ என்று பிரித்து எழுதலாம். அது ஊகத்தின் பக்கமே சாயும்.

அரசு அறிவிப்புகளையும் மருந்துச் சீட்டுகளையும் தமிழாக்குபவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அச்சுக்குக் கொடுக்கும் முன், ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ் வாசகத்தைக் கொடுத்து, ‘இதன்படி யாருக்குக் கிடைக்காது, எப்போது கூடாது?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் மூலத்தோடு ஒத்துப்போகாவிட்டால் வாசகத்தைத் திருத்துங்கள்.