நிறுத்திவைத்த பணத்துக்கு நிற்கிற புகார்

“சார், ரெண்டு வாரமாகப் பணம் வரவில்லை. எல்லா ஆர்டரும் ஒழுங்காக அனுப்பிவிட்டேன். எந்தத் தப்பும் செய்யவில்லை. நூல் வாங்கிய கடைக்குக் கடன் இருக்கிறது. தயவுசெய்து என் முழுப் பணத்தையும் உடனே விடுங்கள்.”

ஆன்லைன் சந்தைகளில் பொருள் விற்கும் சிறு வியாபாரிகளின் புகார்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் படிப்பவர் வேலை தொடங்க இதில் ஒன்றுமே இல்லை. எந்த ஆர்டர், எவ்வளவு பணம், எந்த விதிப்படி அது இன்று வந்திருக்க வேண்டும் என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடையாது. அதனால் “உங்கள் கணக்கு பரிசீலனையில் உள்ளது” என்ற தயார்நிலைப் பதில் வருகிறது, புகாரும் மூடப்படுகிறது.

புகாரைத் திருத்துவது எப்படி என்பதை ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். கரூரில் போர்வை விற்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போர்வைக்கு கமிஷன், அனுப்பும் செலவு, வரிப் பிடித்தம் எல்லாம் போக அவர் கைக்கு வரவேண்டியது ரூ.850. மொத்தம் 46 ஆர்டர்கள், ரூ.39,100 நிறுத்தப்பட்டிருக்கிறது. ஒரு நிறப் போர்வை சாயம் போகிறது என்று வாடிக்கையாளர்கள் சொன்னதால் ‘பேமென்ட் ஹோல்டு’ போடப்பட்டதாக ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது. இன்று ஜூன் 20.

முதல் வேலை, விற்பனையாளர் பக்கத்திலிருந்து செட்டில்மென்ட் அறிக்கையை இறக்கி, ஆர்டர்களைப் பிரிப்பது. நம் உதாரணத்தில் டெலிவரியாகி, ரிட்டர்ன் கெடுவான 7 நாளும் முடிந்தவை 31. டெலிவரியாகி கெடு இன்னும் முடியாதவை 6. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியவை 5. சாயம் போனதாகச் சொல்லப்படும் அந்த நிறத்துக்கு வந்தவை 4.

பிரித்த பிறகு கணக்கே மாறுகிறது. திரும்பி வந்த 5 ஆர்டருக்கான ரூ.4,250 விற்பனையாளருக்கு வரவேண்டிய பணமே அல்ல. அதையும் சேர்த்து ரூ.39,100 கேட்டால், எதிர்த் தரப்பு அந்த ஐந்தை மட்டும் காட்டி முழுக் கோரிக்கையையும் தள்ளிவிட முடியும். கெடு முடியாத 6 ஆர்டரின் ரூ.5,100 இன்று கேட்கக் கூடாதது. ஜூன் 21 முதல் 25 வரை ஒவ்வொன்றாகக் கெடு முடியும்போது கேட்கலாம். சர்ச்சையில் உள்ள 4 ஆர்டரின் ரூ.3,400 பற்றி விசாரணை நடப்பதை ஒப்புக்கொள்ளலாம். மிஞ்சுவது 31 ஆர்டர், ரூ.26,350. இதுதான் இன்றைய கோரிக்கை. கேட்கும் தொகை குறைந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் இந்தத் தொகையில் ஒரு ரூபாயைக்கூட யாரும் கேள்வி கேட்க முடியாது.

பட்டியலில் ஒரு ஆர்டருக்கு ஒரு வரி போதும்: ஆர்டர் எண், டெலிவரி தேதி, கெடு முடிந்த தேதி, வரவேண்டிய நிகரத் தொகை, தற்போதைய நிலை. ‘டெலிவரி ஜூன் 3, கெடு முடிந்தது ஜூன் 10, ரூ.850, நிறுத்தப்பட்டுள்ளது’ என்பது போல. கடைசி வரியில் கூட்டுத்தொகை. அந்தக் கூட்டல் கடிதத்தில் எழுதிய தொகையோடு ரூபாய் பிசகாமல் பொருந்த வேண்டும். விற்பனை விலையை எழுதாமல் செட்டில்மென்ட் அறிக்கையில் உள்ள நிகரத் தொகையையே எழுத வேண்டும். பொருந்தாத புகார்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிசகுகின்றன. ஜிஎஸ்டி சட்டப்படி சந்தை நிறுவனம் வசூலிக்கும் 0.5 சதவீத டிசிஎஸ், வருமான வரியில் பிடிக்கும் 0.1 சதவீத டிடிஎஸ் ஆகியவை நிறுத்திவைத்த பணம் அல்ல. முதலாவதை ஜிஎஸ்டி தளத்திலும், இரண்டாவதை வருமான வரிக் கணக்கிலும் விற்பனையாளர் தன் பெயரில் பார்த்து வரவு பெறலாம்.

இரண்டாவது வேலை விதி. “உங்கள் விதிக்கு இது முரண்” என்று எழுதினால் போதாது. இரண்டு விதிகள் தேவை. ஒன்று, பணம் எப்போது தரப்படும் என்று சொல்லும் விதி. மற்றொன்று, எப்போது நிறுத்தலாம் என்று சொல்லும் விதி. இரண்டையும் தலைப்பு, பிரிவு எண், அமலுக்கு வந்த தேதியோடு அப்படியே எடுத்து எழுதி, பக்கத்தைப் படம்பிடித்து இணைக்க வேண்டும். நிறுவனங்கள் விதிகளை அடிக்கடி மாற்றும். ஆர்டர் வந்த நாளில் இருந்தது எது என்பது பின்னால் முக்கியமாகிவிடும்.

நிறுத்தும் விதியைப் படிக்கும்போது அதன் எல்லையைத் தேட வேண்டும். ‘புகாருக்கு உள்ளான ஆர்டர்களின் தொகையை நிறுத்தலாம்’ என்று இருந்தால், கரூர்க்காரரின் வாதம் தெளிவு: சர்ச்சை 4 ஆர்டரில், ஆனால் நிறுத்தியது 46 ஆர்டரை. ‘கணக்கில் உள்ள அனைத்துத் தொகையையும் 90 நாள் வரை நிறுத்தலாம்’ என்று இருந்தால், விதியை மீறினீர்கள் என்று சொல்ல இடமில்லை. அப்போது கேட்க வேண்டியது வேறு: 90 நாள் எந்தத் தேதியில் தொடங்கியது, என்ன ஆவணம் தந்தால் பரிசீலனை முடியும். தனக்குப் பாதகமான விதியை மறைத்துவிட்டு எழுதும் புகார் முதல் பதிலிலேயே விழுந்துவிடும்.

இப்போது கடிதம் இப்படி வருகிறது:

“எனது கணக்கில் ஜூன் 6 முதல் 46 ஆர்டர்களின் தொகை நிறுத்தப்பட்டுள்ளது. இவற்றில் 31 ஆர்டர்கள் டெலிவரியாகி ரிட்டர்ன் கெடுவும் முடிந்தவை, தொகை ரூ.26,350, பட்டியல் இணைப்பு 1. உங்கள் பணப் பட்டுவாடா விதியின்படி இது இப்போது தரப்பட வேண்டியது. நிறுத்திவைப்பு விதி புகாருக்கு உள்ளான ஆர்டர்களுக்கு மட்டுமே பொருந்துகிறது. அவை 4, இணைப்பு 2. இரண்டு விதிகளும் இணைப்பு 3. இந்த 31 ஆர்டர்களின் தொகையை விடுவிக்கவும். இல்லையெனில் எந்தப் பிரிவின் கீழ், எந்தத் தேதி வரை நிறுத்துகிறீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.”

கடன், கஷ்டம், கோபம் எதுவும் இதில் இல்லை. அவை உண்மைதான், ஆனால் முடிவெடுப்பவரின் கையில் அவற்றுக்கான விதி இல்லை. அவரிடம் இருப்பது ஆர்டர் எண்ணும் பிரிவு எண்ணும்தான். கடைசி வாக்கியம் முக்கியம்: பணமோ காரணமோ, இரண்டில் ஒன்றை அவர்கள் எழுத்தில் தந்தாக வேண்டும் என்று அது கேட்கிறது. தொலைபேசியில் பேசினாலும், பேசியதை அதே புகார் எண்ணில் எழுதிப் பதிய வேண்டும். புதிது புதிதாகப் புகார் திறந்தால் பழைய பதில்கள் சிதறிப்போகும்.

பதில் வராவிட்டால், அல்லது காரணம் விதியோடு பொருந்தாவிட்டால், அடுத்த படி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி. இங்கே ஓர் எச்சரிக்கை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்று சொல்வது பொருள் வாங்கும் நுகர்வோரின் புகாருக்கு. விற்பனையாளர் அந்தக் கெடுவைத் தனக்காகக் காட்டினால் வாதம் பலவீனமாகும். நுகர்வோர் ஆணையமும் வணிகத்துக்காகச் சேவை பெறுபவரின் வழக்கைப் பொதுவாக ஏற்பதில்லை. சிறு, குறு நிறுவனங்களுக்கான 45 நாள் சட்டப் பாதுகாப்பும் சரக்கை வாங்கியவர் தர வேண்டிய பணத்துக்கானது. சந்தை நிறுவனம் இங்கே வாங்குபவர் அல்ல என்று வாதிட இடமுண்டு. ஆகவே விற்பனையாளரின் உண்மையான பிடி, அவர் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம்தான். தகராறை எங்கே, நடுவர் மூலமா நீதிமன்றத்திலா தீர்ப்பது என்பதும் அதிலேயே இருக்கும். பண வசூல் வழக்குக்கு வரம்புக் காலம் பொதுவாக மூன்று ஆண்டுகள்.

வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பும் கட்டம் வந்தாலும் அவர் முதலில் கேட்கப்போவது இதே மூன்று இணைப்புகளைத்தான். ஆர்டர்கள் நினைவில் இருக்கும்போதே, அறிக்கைகள் இறக்கக் கிடைக்கும்போதே, கணக்கு முழுதாக முடக்கப்படும் முன்பே அவற்றைத் தயாரித்துவிடுவது விற்பனையாளர் தன் பணத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய காவல்.