எட்டாவது லேன் ஏன் 53 மீட்டர் முன்னால்?

2016 ஆகஸ்ட் 14, ரியோ ஒலிம்பிக். ஆண்கள் 400 மீட்டர் இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் வேய்டு வான் நீகெர்க் எட்டாவது லேனில் நின்றார். முதல் லேனில் நின்றவர் வெள்ளைக் கோட்டின் பக்கத்தில் வளைவின் தொடக்கத்தில் இருக்க, வான் நீகெர்க் வளைவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தள்ளி, மற்ற ஏழு பேருக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தார். 43.03 விநாடிகளில் ஓடி முடித்து, மைக்கேல் ஜான்சன் 1999இல் படைத்த 43.18 என்ற உலக சாதனையை முறியடித்தார். முன்னால் நின்று புறப்பட்டவர்தானே, ஜெயிக்காமல் என்ன செய்வார் என்று டிவி பார்த்த யாருக்காவது தோன்றியிருந்தால் அது இயல்புதான். ஆனால் அவரும் மற்ற ஏழு பேரைப் போலவே சரியாக 400 மீட்டர்தான் ஓடினார்.

அந்தக் கணக்கைப் பார்க்க முதலில் ஓடுதளத்தைப் பார்க்க வேண்டும். சர்வதேசத் தரத்தில் கட்டப்படும் 400 மீட்டர் ஓடுதளத்தில் இரண்டு நேர்ப்பகுதிகளும் இரண்டு அரைவட்டங்களும் இருக்கும். ஒவ்வொரு நேர்ப்பகுதியின் நீளமும் 84.39 மீட்டர். அரைவட்டத்தின் ஆரம் 36.50 மீட்டர். இந்த ஆரத்தை நேரே போட்டுக் கணக்கிட்டால் சுற்று 398 மீட்டர் சொச்சம்தான் வரும். 400 வராது. காரணம், ஓட்டக்காரர் உள்விளிம்பின் மேலேயே ஓடுவதில்லை. உள்விளிம்பில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கட்டை இருக்கும். கால் தட்டிவிடும் என்பதால் அதைவிட்டுச் சற்று விலகித்தான் ஓடுவார்கள். அந்த விலகலை 30 சென்டிமீட்டர் என்று விதிகள் வைத்திருக்கின்றன. எனவே அளக்க வேண்டிய ஆரம் 36.80. அதன்படி இரண்டு வளைவும் சேர்ந்து 231.22 மீட்டர், இரண்டு நேர்ப்பகுதியும் சேர்ந்து 168.78 மீட்டர். கூட்டினால் 400.

இரண்டாவது லேன் முதல் கட்டை கிடையாது. இடப்பக்கம் இருப்பது வெறும் வெள்ளைக் கோடு. அதை மிதிக்கக் கூடாதே தவிர, கால் தட்டும் பயம் இல்லை. ஆகவே அங்கே கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி அளந்தால் போதும். ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். அப்படியானால் இரண்டாவது லேனின் அளவு ஆரம் 36.50, 1.22, 0.20 மூன்றையும் கூட்டினால் 37.92. முதல் லேனைவிட 1.12 மீட்டர்தான் அதிகம். மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு லேனுக்கும் முழுதாக 1.22 கூடும்.

நேர்ப்பகுதிகள் எல்லா லேனுக்கும் ஒரே நீளம். எனவே கூடுதல் தூரம் முழுவதும் வளைவுகளில்தான் சேர்கிறது. இரண்டு அரைவட்டம் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். ஆரம் 1.12 மீட்டர் கூடினால் சுற்றளவு 2 × 3.1416 × 1.12, அதாவது 7.04 மீட்டர் கூடும். அதுதான் 400 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவது லேனுக்குக் கொடுக்கும் முன்னிடைவெளி. விளையாட்டு ஆசிரியர்கள் இதை 'ஸ்டாகர்' என்பார்கள். அடுத்தடுத்த லேன்களுக்கு 1.22ஐப் போட்டால் 7.67 மீட்டர் வீதம் கூடிக்கொண்டே போகும். எட்டாவது லேனுக்கு வரும்போது மொத்தம் 53.03 மீட்டர். 200 மீட்டர் ஓட்டத்தில் ஒரே ஒரு வளைவுதான் என்பதால் இதில் பாதி, 26.52 மீட்டர் போதும். 100 மீட்டரில் வளைவே இல்லை, எல்லோரும் ஒரே கோட்டில் நிற்கலாம்.

இந்தக் கணக்கில் கவனித்துப் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 36.50 என்ற எண் 7.67 என்ற விடைக்குள் எங்கேயும் வரவில்லை. இடைவெளியைத் தீர்மானிப்பது லேனின் அகலம் மட்டுமே. மைதானம் பெரியதா சிறியதா என்பதற்கு அதில் பங்கே இல்லை. ஒரு கிராமத்துப் பள்ளியின் 200 மீட்டர் ஓடுதளத்திலும், ஒலிம்பிக் அரங்கிலும், லேன் 1.22 மீட்டர் அகலம் இருந்தால் ஒரு முழுச் சுற்றுக்கு லேனுக்கு லேன் 7.67 மீட்டர்தான். அரைவட்டமாக இல்லாமல் வேறு வகையாக வளைத்துக் கட்டிய ஓடுதளத்திலும் அதேதான். எப்படி வளைந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும்போது ஓட்டக்காரர் திரும்பிய கோணம் 360 டிகிரி. அந்தத் திருப்பம்தான் வெளி லேனின் கூடுதல் தூரத்தை உண்டாக்குகிறது.

வான் நீகெர்க்கின் ஓட்டத்தையே துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். எட்டாவது லேனின் அளவு ஆரம் 45.24 மீட்டர், அதன் ஒரு வளைவு 142.12 மீட்டர். அதில் 53.03 மீட்டரைக் கழித்துவிட்டுப் புறப்பட்டதால் முதல் வளைவில் சுமார் 89.1 மீட்டர் மட்டும் ஓடினார். பிறகு எதிர்ப்பக்க நேர்ப்பகுதி 84.39, இரண்டாவது வளைவு முழுதாக 142.12, கடைசி நேர்ப்பகுதி 84.39. மொத்தம் 400. வளைவில் ஓடியது மட்டும் எவ்வளவு? 231.2 மீட்டர். முதல் லேன்காரரும் வளைவில் ஓடுவது அவ்வளவேதான்.

தூரம் சமம் என்றாலும் பாடு சமமில்லை. முதல் லேன்காரர் 36.80 மீட்டர் ஆரத்தில் 360 டிகிரியும் திரும்ப வேண்டும். எட்டாவது லேன்காரர் 45.24 மீட்டர் ஆரத்தில், 293 டிகிரி திரும்பினால் போதும். வளைவு இறுக இறுக, அதே வேகத்தில் ஓட உடலை இன்னும் உள்பக்கம் சாய்க்க வேண்டும், இடது கால் இன்னும் அதிகம் தாங்க வேண்டும். உள் லேனை வேக ஓட்டக்காரர்கள் விரும்பாததற்கு இதுவே காரணம். வெளி லேனிலோ வேறு சங்கடம். முன்னால் யாருமே கண்ணில் படமாட்டார்கள். பின்னால் வருகிறவர்களின் வேகம் தெரியாமல், தன் வேகத்தைத் தானே நம்பி ஓட வேண்டும். அப்படி ஓடி உலக சாதனை படைத்ததால்தான் அந்த 43.03 இவ்வளவு பேசப்பட்டது.

லேன் பிரிக்காமலே ஓடிய காலமும் இருந்தது. 1908 லண்டன் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் இறுதியில் அமெரிக்காவின் ஜான் கார்பென்டர், பிரிட்டனின் விண்டம் ஹால்ஸ்வெல்லை முந்தவிடாமல் வெளிப்பக்கமாக ஒதுக்கித் தள்ளினார் என்று நடுவர்கள் ஓட்டத்தையே ரத்து செய்தார்கள். கார்பென்டரை நீக்கிவிட்டு, லேன் பிரித்து மறுபடி ஓடச் சொன்னார்கள். மற்ற இரண்டு அமெரிக்கர்களும் வர மறுக்க, ஹால்ஸ்வெல் தனியாக ஓடித் தங்கம் பெற்றார்.

கணக்கு எளிது. தரையில் கோடு போடுவதுதான் சிரமம். தொடக்கக் கோடுகள் வளைவின் மேல் வருவதால் நாடாவை நேராக இழுத்து அளக்க முடியாது. அரைவட்டத்தின் மையத்தில் கோணமானியை நிறுத்தி, கோணத்தைக் கணக்கிட்டுக் குறிப்பார்கள். இரண்டாவது லேனுக்கு 10.63 டிகிரி, எட்டாவதுக்கு 67.16 டிகிரி. அந்தக் கோணத்தில் மையத்திலிருந்து ஆரமாக இழுக்கும் கோடுதான் தொடக்கக் கோடு. கருவி இல்லாதவர்கள் லேனின் ஓரமாகவே நாடாவை வளைத்து அளப்பது வழக்கம். அப்போது 20 சென்டிமீட்டர் தள்ளி அளக்காமல் வெள்ளைக் கோட்டின் மேலேயே 53.03ஐ அளந்துவிட்டால், எட்டாவது லேன்காரருக்குச் சுமார் 23 சென்டிமீட்டர் இலவசமாகக் கிடைத்துவிடும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா வெண்கலத்தை இழந்தது நூறில் ஒரு விநாடியில். அவர் ஓடிய வேகத்தில் அது சராசரியாக 7 சென்டிமீட்டர்.

வெயிலும் கணக்கில் வரும். எஃகு நாடாவை 20 டிகிரி செல்சியஸுக்குச் சரிபார்த்திருப்பார்கள். 40 டிகிரி வெயிலில் அது நீண்டுவிடும். அதை வைத்து 84.39 மீட்டர் என்று குறித்தால் உண்மையில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் கூடுதலாகக் குறித்திருப்போம். சுற்று முழுவதையும் அப்படி அளந்தால் பிழை 9 சென்டிமீட்டர். சர்வதேச விதி அனுமதிப்பதோ 4 சென்டிமீட்டர் வரைதான். அதுவும் கூடுதலாக மட்டும். ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் 400 மீட்டர் என்று ஏற்க மாட்டார்கள். அதனால்தான் அளவெடுப்பவர்கள் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு திருத்தம் போடுகிறார்கள்.

பள்ளி மைதானத்தில் நடக்கும் தவறு இதைவிடப் பெரிது. இடம் குறைவாக இருக்கும், லேனை ஒரு மீட்டர் அகலத்தில் சுண்ணாம்புத் தூள் போட்டுக் குறிப்பார்கள். இடைவெளிக்கு மட்டும் புத்தகத்தில் உள்ள அட்டவணையைப் பார்ப்பார்கள். அட்டவணை 1.22 மீட்டர் லேனுக்கானது. ஆறாவது லேனுக்கு 37.70 மீட்டர் என்றிருக்கும். ஆனால் ஒரு மீட்டர் லேனில், கட்டையும் இல்லாத மைதானத்தில், ஒரு சுற்றுக்கு லேனுக்கு 6.28 மீட்டர் வீதம் 31.42தான் கொடுக்க வேண்டும். ஆறாவது லேனில் ஓடும் பிள்ளைக்கு 6 மீட்டருக்கு மேல் சும்மா கிடைத்துவிடும். உள் லேனில் நின்ற பிள்ளை தோற்றது தன்னால்தான் என்று நினைத்து வீட்டுக்குப் போகும். இன்னொரு தவறு, 200 மீட்டர் ஓடுதளத்தில் 400 மீட்டர் ஓட்டத்தை கடைசிவரை லேனிலேயே ஓட வைத்துவிட்டு ஒரு சுற்றுக்கான இடைவெளியை மட்டும் கொடுப்பது. இரண்டு சுற்று என்றால் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும்.

சொந்தமாக ஓடுதளம் போடுகிறவர்கள் பின்னாலிருந்து கணக்கிட்டு வரலாம். 200 மீட்டர் சுற்று வேண்டும், நேர்ப்பகுதிக்கு 40 மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நேர்ப்பகுதியும் போக மிச்சம் 120 மீட்டர். அதை 6.2832ஆல் வகுத்தால் 19.10. கட்டை இல்லாததால் 20 சென்டிமீட்டரைக் கழித்து, 18.90 மீட்டர் ஆரத்தில் கயிறு கட்டி உள்கோட்டைப் போட வேண்டும். 1.22 மீட்டரில் ஆறு லேன் போட்டால் மைதானத்தின் நீளம் சுமார் 92.5 மீட்டர், அகலம் 52.5 மீட்டர் பிடிக்கும். போட்டபின் சரிபார்க்க அளவுச் சக்கரம் ஒன்று போதும். ஒவ்வொரு லேனிலும் அதன் தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோடு வரை, உள்கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் வெளியே சக்கரத்தை உருட்டினால் எல்லா லேனிலும் ஒரே தூரம் காட்ட வேண்டும். எந்த லேனில் மாறுகிறதோ அந்தத் தொடக்கக் கோட்டை அழித்துப் போட வேண்டியதுதான்.

800 மீட்டரில் நிலைமை வேறு. முதல் வளைவு வரைதான் லேன். அதன்பின் எதிர்ப்பக்க நேர்ப்பகுதியில் எல்லோரும் உள்பக்கம் வந்துவிடலாம். ஒரு வளைவுக்கான இடைவெளி கொடுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் எட்டாவது லேன்காரர் எட்டு மீட்டருக்கு மேல் குறுக்காக வந்து உள்விளிம்பைச் சேர வேண்டும். 84.39 மீட்டர் நீளத்துக்குள் அப்படிச் சாய்ந்து ஓடுவதில் சுமார் 40 சென்டிமீட்டர் கூடிவிடுகிறது. அதையும் சேர்த்துத்தான் அவருக்கு 26.52க்குப் பதில் ஏறக்குறைய 26.93 மீட்டர் தருகிறார்கள். லேனை விட்டு வெளியேறலாம் என்று காட்டும் கோடும் அதனால்தான் நேராக இல்லாமல் வளைவாக இருக்கிறது. 1,500 மீட்டரின் தொடக்கக் கோடு வளைந்திருப்பதும் இதே காரணத்தால்தான். அங்கே லேனே கிடையாது. வெளியே நிற்பவரும் உள்ளே நிற்பவரும் உள்விளிம்பை நோக்கி ஓடும்போது ஒரே தூரம் வரும்படி அந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியையும் கணக்கிட்டிருப்பார்கள்.