ஓர் உரை, மூன்று தொனி

மாணவர்களே! ஒரு செய்தியைத் தலைமையாசிரியர் ஒரு விதமாகச் சொல்வார். பாட்டி வேறு விதமாகச் சொல்வார். விளையாட்டுத் திடலில் தோழன் மற்றொரு விதமாகச் சொல்வான். செய்தி ஒன்றே. மாறுவது அதைச் சொல்லும் தொனி. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ஓர் உரையைக் கொடுத்தால், அதனைப் பல தொனிகளில் சில நொடிகளில் எழுதித் தருகிறது. அவற்றுள் தக்கதைத் தெரிந்தெடுப்பதும் கையால் திருத்துவதும் நம் பணி. அப்பணியை எவ்வாறு செய்வது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

கொல்கத்தாவில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் பொங்கல் விழா ஒன்றில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு நிமிடம் பேச வேண்டும் என வைத்துக்கொள்வோம். அவள் எடுத்துக்கொண்ட பொருள் டிராம் வண்டி. அவையில் தாத்தா பாட்டியரும் பெற்றோரும் தொடக்க வகுப்புக் குழந்தைகளும் அமர்ந்திருப்பர்.

முதற்படி: உண்மைகளைத் தனியே எழுதுதல்

கருவியை அணுகுமுன் அவள் ஒரு தாளில் உண்மைகளை மட்டும் எழுதிக்கொள்கிறாள்.

1. 1873 பிப்ரவரி 24 அன்று சியால்தாவுக்கும் ஆர்மீனியன் படித்துறைக்கும் இடையே, குதிரைகள் இழுத்த டிராம் கொல்கத்தாவில் முதன்முதலாக ஓடியது.
2. 1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடிலிருந்து கிதர்ப்பூருக்கு மின்சார டிராம் ஓடத் தொடங்கியது.
3. சென்னையில் மின்சார டிராம் 1895 முதல் 1953 வரை ஓடியது.

இத்தாள் பின்னர் அவளுக்கு அளவுகோலாகப் பயன்படும். தொனி மாறும்போது சொற்கள் மாறலாம். வாக்கியங்கள் நீளலாம், குறுகலாம். ஆனால் இத்தாளில் உள்ள ஊர்ப்பெயரும் ஆண்டும் மாறுதல் கூடாது. இதில் இல்லாத புதிய செய்தி எதுவும் தானாக நுழைதலும் கூடாது.

இரண்டாம் படி: கட்டளை இடுதல்

"இதனை மூன்று விதமாக எழுதித் தா" என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் மூன்றும் ஒரே தொனியிலேயே அமையும். "தொடங்கியது" என்பது "ஆரம்பமானது" என மாறியிருக்கும், அவ்வளவே. சொல் மாறுவது வேறு, தொனி மாறுவது வேறு.

தொனியைத் தீர்மானிப்பவை எவை? தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை எண்ணும்போது, கூற்று, கேட்போர், களன் என்பனவற்றையும் அவற்றுள் சேர்த்தே எண்ணுகிறது. யார் சொல்கிறார், யார் கேட்கிறார், எவ்விடத்தில் சொல்லப்படுகிறது என்பவையே அவை. கருவிக்கு இடும் கட்டளையிலும் இம்மூன்றையும் சொல்லிவிட்டால் தொனி தெளிவாக வேறுபடும். ஆகவே அம்மாணவி ஒவ்வொரு தொனிக்கும் தனித்தனியே கட்டளை எழுதுகிறாள். கதைத் தொனிக்கு அவள் எழுதியது இது:

"எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஏழு வயதுக் குழந்தைகளிடம், விழா மேடையில் நின்று கதை சொல்வதுபோல் எழுதித் தரவும். கீழே உள்ள மூன்று உண்மைகளை மட்டும் பயன்படுத்தவும். புதிய செய்தி எதையும் சேர்க்க வேண்டா."

இதன்கீழ் மூன்று உண்மைகளையும் முழுமையாகச் சேர்க்கிறாள். தன் பெயரையோ பள்ளியின் பெயரையோ அவள் எழுதவில்லை. உரை எழுத அவை தேவையில்லை. தேவையற்ற தன்விவரங்களை இத்தகைய கருவிகளுக்குக் கொடாதிருப்பதே நன்று.

மூன்றாம் படி: ஒப்பிட்டுப் படித்தல்

மின்சார டிராமைப் பற்றிய பகுதி, மூன்று தொனிகளில் பின்வருமாறு வந்ததாகக் கொள்வோம்.

அறிவிப்புத் தொனி: "கொல்கத்தாவில் மின்சார டிராம் போக்குவரத்து 1902 மார்ச் 27 அன்று தொடங்கப்பெற்றது. எஸ்பிளனேடு, கிதர்ப்பூர் ஆகிய இடங்களை அது இணைத்தது."

கதைத் தொனி: "குழந்தைகளே, இம்முறை வண்டியை இழுக்கக் குதிரை இல்லை! மேலே ஒரு கம்பி, அதில் மின்சாரம். 1902இல் ஓடிய இதுதான் ஆசியாவிலேயே முதல் மின்சார டிராம்!"

அளவளாவும் தொனி: "தாத்தா, நீங்கள் சென்னையில் டிராமைப் பார்த்திருப்பீர்கள். அந்த மணிச் சத்தம் உனக்கு ஞாபகம் இருக்கா? அது உங்கள் இதயத்தில் ஒரு சிறப்பு இடத்தைப் பிடித்திருக்கும்."

அவள் ஒவ்வொன்றையும் கண்ணால் படிப்பதோடு நில்லாமல், வாய்விட்டும் படிக்கிறாள். அறிவிப்புத் தொனியில் பிழை இல்லை. ஆயினும் அது அலுவலகச் சுற்றறிக்கைபோல் ஒலிக்கிறது. "தொடங்கப்பெற்றது" என்பது எழுத்துக்குப் பொருந்தும். பொங்கல் மேடைக்குப் பொருந்தாது.

கதைத் தொனி செவிக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் தாளோடு ஒப்பிட்டால் ஒரு பிழை புலப்படும். "ஆசியாவிலேயே முதல் மின்சார டிராம்" என்பது அவள் கொடுத்த செய்தி அன்று. அது உண்மையும் அன்று. 1902க்கு ஏழு ஆண்டுகள் முன்னதாகவே, 1895இல், சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. அவ்வுண்மை மூன்றாம் வரியில் இருந்தும் கருவி அதற்கு மாறாக எழுதியது ஏன்? இத்தகைய கருவி, தான் கற்ற ஏராளமான எழுத்துகளைக் கொண்டு, அடுத்து எச்சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுவது. கொல்கத்தாவின் டிராமை ஆசியாவின் முதல் மின்சார டிராம் என்று கூறும் எழுத்துகள் பல உள்ளன. ஆகவே அச்சொற்கள் எளிதில் வந்துவிடுகின்றன. மேலும், கதை என்றதும் வியப்பூட்ட வேண்டும் என்னும் போக்கும் சேர்ந்துகொள்கிறது. "முதல்", "மிகப் பெரிய", "உலகிலேயே" போன்ற சொற்கள் வரும் இடங்களில் தாளை மீண்டும் பார்ப்பது நல்ல பழக்கம்.

அளவளாவும் தொனியில் உள்ள பிழைகள் வேறு வகையின. முதல் வாக்கியம் தாத்தாவை "நீங்கள்" என்கிறது. அடுத்த வாக்கியம் "உனக்கு" என்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும். தமிழில் அது மரியாதைக் குறைவு. தாத்தாவின் முகம் சுருங்கிவிடும். "இருக்கா" என்பது பேச்சு வழக்கு. அதன் முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்கள் எழுத்து வழக்கு. இரண்டில் எதனையும் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒன்றையே இறுதிவரை கைக்கொள்ள வேண்டும். கடைசி வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. எனினும் அது தமிழ் உடை உடுத்திய ஆங்கிலம். தமிழர் இதே கருத்தை "அது மனத்தை விட்டு நீங்கியிராது" என்பர்.

இவ்வகைப் பிழையை வெளிமாநிலத்தில் வளரும் நம்மால் எளிதில் கண்டுகொள்ள முடிவதில்லை. நாள் முழுதும் வங்காளமும் இந்தியும் ஆங்கிலமும் கேட்கும் காதுக்கு அவ்வாக்கியம் இயல்பாகவே தோன்றலாம். பிழையில்லாமல் அச்சடித்ததுபோல் இருப்பதனாலேயே அது சரியென்று நம்பவும் தோன்றும். ஐயம் எழும்போது அவ்வாக்கியத்தை வீட்டுப் பெரியவரிடம் படித்துக் காட்டுங்கள். ஊரில் உள்ள பாட்டியிடம் தொலைபேசியில் படித்தாலும் போதும். "நாங்கள் இப்படிச் சொல்வதில்லை" என்று அவர் கூறினால், "எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டு, அவர் கூறும் தொடரையே எழுதிக்கொள்ளுங்கள். அத்தொடர் கருவியின் மூன்று வடிவங்களிலும் கிடைக்காதது.

நான்காம் படி: தெரிவும் திருத்தமும்

மூன்றில் ஒன்றை முழுமையாக ஏற்க வேண்டும் என்பதில்லை. அவையில் எல்லா வயதினரும் இருப்பதால், மாணவி கதைத் தொனியை அடிப்படையாகக் கொள்கிறாள். அதிலிருந்து "மேலே ஒரு கம்பி, அதில் மின்சாரம்" என்னும் குறுந்தொடரை வைத்துக்கொள்கிறாள். அறிவிப்புத் தொனியிலிருந்து நாளையும் இடங்களையும் எடுத்துக்கொள்கிறாள். அளவளாவும் தொனியிலிருந்து சொற்களை எடுக்கவில்லை. முதியோரை நேரே விளித்துப் பேசலாம் என்னும் எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறாள். "குழந்தைகளே" என்னும் விளி பெரியோரை விலக்கிவிடும் என்பதால் அதையும் மாற்றுகிறாள். அவள் கையால் எழுதி முடித்த உரை இது:

"பெரியோர்களே, தம்பி தங்கையரே, வணக்கம். 1873ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று, சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் படித்துறை வரை ஒரு டிராம் ஓடியது. அதை இழுத்தவை குதிரைகள். 1902ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று, எஸ்பிளனேடிலிருந்து கிதர்ப்பூருக்கு ஒரு டிராம் ஓடியது. இம்முறை குதிரை இல்லை. மேலே ஒரு கம்பி, அதில் மின்சாரம். ஆனால் அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே நம் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. 1953இல் அது நின்றுபோனது. இங்கே அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டியருள் யாரேனும் அதில் ஏறியிருந்தால், கை உயர்த்துங்கள். விழா முடிந்ததும் உங்களிடம் வந்து கதை கேட்போம்."

இவ்வுரையின் கடைசி இரு வாக்கியங்களைக் கவனியுங்கள். அவை மூன்று வடிவங்களுள் எதிலும் இல்லை. அவையில் யார் அமர்ந்திருப்பர் என்பதை அறிந்தவள் அம்மாணவியே. ஆதலால் அவற்றை அவளே எழுதினாள். மூன்று வடிவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்ததனால், தனக்கு எது வேண்டும், எது வேண்டா என்பது அவளுக்குத் தெளிவாயிற்று. பின்னர் அவள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரையை இருமுறை உரக்கப் படித்தாள். ஒரு நிமிடத்திற்குள் முடிந்தது. மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் பென்சிலால் சிறு கோடு இட்டுக்கொண்டாள்.

பயிற்சி

1. கதைத் தொனியில் வந்த பகுதியில் தாளில் இல்லாத செய்தி எது? அது பிழை என்பதை எவ்வுண்மையைக் கொண்டு நிறுவுவீர்?
2. "அது உங்கள் இதயத்தில் ஒரு சிறப்பு இடத்தைப் பிடித்திருக்கும்" என்னும் தொடரை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் படித்துக் காட்டுக. அவர் அதனை எவ்வாறு சொல்வார் என்று கேட்டு எழுதுக.
3. மாணவி எழுதி முடித்த உரையைத் தொடக்க வகுப்புக் குழந்தைகள் மட்டும் கேட்பதாகக் கொண்டு, கருவியின் துணையின்றி, ஐந்து வாக்கியங்களில் மாற்றி எழுதுக.