பாதி வழி மீண்ட நிஃப்டி: ஃபிபோனாச்சி கோடுகளைப் படிக்கும் முறை

2020 ஜனவரி 20 அன்று நிஃப்டி 12,430 புள்ளிகளைத் தொட்டது. கொரோனா அச்சத்தில் சரிந்து, மார்ச் 24 அன்று 7,511 வரை இறங்கியது. இரண்டே மாதங்களில் 4,919 புள்ளிகள் போயின. அங்கிருந்து குறியீடு மேலே திரும்பியபோது, பங்கு வைத்திருந்தவர்கள், விற்கக் காத்திருந்தவர்கள், புதிதாக வாங்க நினைத்தவர்கள் என எல்லோருக்கும் ஒரே கேள்விதான் இருந்தது. இந்த மீட்சி எதுவரை போகும்?

இந்தக் கேள்வியைக் கையாள டெக்னிக்கல் அனாலிசிஸில் ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் ஃபிபோனாச்சி ரீட்ரேஸ்மென்ட். சார்ட் மென்பொருள் எதைத் திறந்தாலும் அது இருக்கும், இரண்டு கிளிக்கில் கோடுகள் விழுந்துவிடும். அந்தக் கோடுகளுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். 2020-ன் நிஃப்டியையே எடுத்து, படிப்படியாகப் பார்ப்போம்.

கோடு போடுவது எப்படி?

முதலில் இரண்டு புள்ளிகள் வேண்டும். இருபுறமும் தன்னைவிடத் தாழ்ந்த உச்சங்களைக் கொண்ட ஓர் உச்சம் ஸ்விங் ஹை. இருபுறமும் தன்னைவிட உயர்ந்த தாழ்வுகளைக் கொண்ட ஓர் அடிமட்டம் ஸ்விங் லோ. நம் கணக்கில் ஹை 12,430, லோ 7,511. இறக்கத்தை அளப்பதால், முதல் கிளிக் ஹையில், இரண்டாவது கிளிக் லோவில். அப்போது லோ 0 சதவீதமாகவும் ஹை 100 சதவீதமாகவும் அமையும். மாற்றிப் போட்டால் 38.2 இருக்க வேண்டிய இடத்தில் 61.8 வந்து உட்கார்ந்துவிடும். புதியவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான்.

மீதி எளிய கணக்கு. இறங்கிய 4,919 புள்ளிகளில் குறிப்பிட்ட சதவீதத்தை எடுத்து, 7,511-உடன் கூட்ட வேண்டும். 23.6 சதவீதத்துக்கு 8,672, 38.2-க்கு 9,390, 50-க்கு 9,971, 61.8-க்கு 10,551, 78.6-க்கு 11,377 என்று ஐந்து மட்டங்கள் கிடைக்கும்.

இந்தச் சதவீதங்களின் மூலம் 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55 என்று வளரும் எண் தொடர். பீசா நகரத்து லியோனார்டோ 1202-ல் எழுதிய கணித நூலால் ஐரோப்பாவில் பரவியது இது. தொடரில் ஓர் எண்ணை அடுத்த எண்ணால் வகுத்தால் 0.618-ஐ நெருங்கும். அதற்கும் அடுத்ததால் வகுத்தால் 0.382, இன்னும் ஒன்று தள்ளி வகுத்தால் 0.236. 78.6 என்பது 0.618-ன் வர்க்கமூலத்திலிருந்து வருவது. 50 சதவீதமோ இந்தத் தொடரின் விகிதமாகச் சேர்க்கப்பட்டதே அல்ல. விழுந்ததில் பாதி மீளும் என்ற பழைய சந்தை வழக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது. பங்கு விலை இந்த விகிதங்களுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும் என்ற இயற்கை விதி எதுவும் இல்லை. பலர் ஒரே கோடுகளைப் பார்த்து ஒரே இடத்தில் ஆர்டர் வைக்கிறார்கள் என்பது மட்டுமே அவற்றுக்குச் சொல்லத்தக்க காரணம்.

ஒரு கோட்டின் எடை எவ்வளவு?

ஏப்ரல் 30 அன்று நிஃப்டி 9,889 வரை ஏறியது. விடுமுறை முடிந்து மே 4 அன்று சந்தை திறந்தபோது பெரும் இடைவெளியோடு கீழே தொடங்கி, 566 புள்ளிகளை இழந்து 9,293-ல் முடிந்தது. மே 18 அன்று 8,807 வரை சரிந்தது. 9,971 என்ற பாதிக்கோட்டுக்கு 82 புள்ளிகள் கீழே உச்சம் அமைந்திருக்கிறது. கோடு வேலை செய்துவிட்டதா?

அவசரப்பட வேண்டாம். ஒரு மட்டத்துக்கு மேலும் கீழும் 100 புள்ளிகள் வரை தள்ளித் திரும்பினாலும் அதை வெற்றி என்று ஏற்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து மட்டங்களும் சேர்ந்து 1,000 புள்ளிகளை அடைத்துக்கொள்ளும். மொத்த இறக்கமே 4,919 புள்ளிகள்தான். அதாவது, சந்தை எந்தக் காரணமும் இல்லாமல் எங்காவது ஓரிடத்தில் திரும்பினாலும், அது ஏதாவது ஒரு கோட்டின் அருகில் இருப்பதற்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. கோட்டருகே திரும்பியது என்ற செய்திக்கு மட்டும் பெரிய எடை கிடையாது.

இன்னொரு வழுக்கலும் உண்டு. ஜனவரி உச்சத்துக்குப் பிறகு நிஃப்டி சற்று இறங்கி, பிப்ரவரி நடுவில் மறுபடி சுமார் 12,250 வரை ஏறியது. உண்மையான சரிவு அங்கிருந்துதான் தொடங்கியது என்று ஒருவர் வாதிடலாம். அந்த உச்சத்தை எடுத்தால் பாதிக்கோடு சுமார் 9,880-க்கு வருகிறது. சந்தை திரும்பிய 9,889-க்கு வெகு அருகில்! பார்த்தவுடன் வியக்கத் தோன்றும். ஆனால் திரும்பிய இடம் தெரிந்த பிறகு அதற்கு ஏற்ற உச்சத்தைத் தேடி எடுத்தால், எந்தக் கோட்டையும் பொருத்திவிடலாம்.

சார்ட்டின் அளவுகோலும் கோட்டை நகர்த்தும். சாதாரண அளவுகோலில் 9,971-ல் நிற்கும் பாதிக்கோடு, லாகரிதம் அளவுகோலில் 9,662-க்கு இறங்கிவிடும். வித்தியாசம் 300 புள்ளிகளுக்கு மேல். சில சதவீத ஏற்ற இறக்கங்களில் இது உறைக்காது. 40 சதவீதம் விழுந்த சந்தையில் மிக நன்றாகவே உறைக்கும். எந்த உச்சம், எந்த அளவுகோல் என்பதை விலை அங்கே வருவதற்கு முன்பே முடிவு செய்து எழுதி வைப்பதுதான் இதற்கு மருந்து.

மற்ற சாட்சிகள்

கோட்டைத் தனிச் சாட்சியாக நம்பாமல் அதே இடத்தைச் சுட்டும் வேறு சாட்சிகளைத் தேடுவதை டிரேடர்கள் கான்ஃப்ளுயன்ஸ் என்கிறார்கள். 9,971-ஐச் சுற்றி அப்படி என்ன இருந்தது?

2018 மார்ச் 23 அன்று நிஃப்டி 9,952 வரை இறங்கி மேலே திரும்பியது. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று 10,005-ல் மறுபடி தாங்கி நின்றது. இரண்டு முறை தரையாக இருந்த அந்த இடத்தை 2020 மார்ச்சில் சந்தை உடைத்துக் கீழே போனது. உடைந்த சப்போர்ட் அடுத்த முறை ரெசிஸ்டன்ஸாக மாறும் என்பது டெக்னிக்கல் அனாலிசிஸின் பழைய பாடம். அங்கே வாங்கி நஷ்டத்தில் சிக்கியவர்கள் போட்ட பணம் திரும்பினால் போதும் என்று விற்க வருவார்கள் என்பது அதன் தர்க்கம். சரிவின் நடுவிலும் இந்த இடம் தலைகாட்டியது. மார்ச் 13 காலை சந்தை கீழ் சர்க்யூட்டைத் தொட்டு நிறுத்தப்பட்டு, பிறகு மீண்டு 9,955-ல் முடிந்தது. அடுத்த வர்த்தக நாளில் 9,197-க்கு விழுந்தது. இவற்றோடு 10,000 என்ற முழு எண்ணும் இருக்கிறது.

பாதிக்கோடு, 2018-ன் இரண்டு தாழ்வுகள், மார்ச் 13-ன் முடிவு விலை, முழு எண் என்று எண்ணினால் ஐந்து சாட்சிகள். ஆனால் எண்ணும்போது கவனம் தேவை. 2018 அக்டோபரில் சந்தை 10,005-ல் தாங்கியதற்கு 10,000 என்ற முழு எண்ணே ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அப்படியானால் அவை இரண்டும் ஒரே சாட்சி. இண்டிகேட்டர்களில் இந்தத் தவறு இன்னும் எளிதாக நேரும். ஆர்.எஸ்.ஐ., ஸ்டோகாஸ்டிக் இரண்டும் ஒரே விலைத் தரவைப் பிசைந்து எடுக்கப்படுபவை. இரண்டும் அதிகமாக ஏறிவிட்டதாகச் சொன்னால் அது ஒருவரே இரு குரலில் பேசுவதுதான். விலை வரலாறு, வர்த்தக அளவு, நீண்டகாலப் போக்கு என வேறு வேறு மூலங்களிலிருந்து வருபவற்றையே தனித்தனியாக எண்ண வேண்டும். கண்டிப்பாக எண்ணினாலும் இங்கே கோட்டைத் தவிர, பழைய விலை வரலாறு என்ற பலமான சாட்சி ஒன்று எஞ்சுகிறது. ஆகவே 9,880 முதல் 10,000 வரை ஒரு பட்டையாகக் குறித்து வைப்பது நியாயம். ஒற்றை எண்ணாகக் குறித்தால் 82 புள்ளி வித்தியாசத்தில் தவறவிடுவோம்.

கடைசிச் சாட்சி விலையின் நடத்தை. ஏப்ரல் 30 அன்று சந்தை அன்றைய உச்சத்துக்கு அருகே, 9,860-ல் வலுவாக முடிந்தது. தளர்ச்சிக்கான அடையாளம் எதுவும் அன்றைய கேண்டிலில் இல்லை. திரும்புவது உறுதியான பிறகு செயல்படலாம் என்று காத்திருந்தவருக்கு அந்த உறுதி மே 4 அன்றுதான் கிடைத்தது. அதற்கு அவர் கொடுத்த விலை 566 புள்ளிகள் வரை. உறுதிக்காகக் காத்திருப்பது நல்ல பழக்கம், ஆனால் அது இலவசம் அல்ல.

கோடு தோற்ற இடம்

மே மாதத்தில் நிஃப்டி 8,807-ல் நின்று மேலே திரும்பியதல்லவா? மார்ச் தாழ்விலிருந்து ஏப்ரல் உச்சம் வரை புதிதாகக் கோடு போட்டால், 38.2 சதவீத மட்டம் 8,981-லும் 50 சதவீத மட்டம் 8,700-லும் வருகின்றன. சந்தை இரண்டுக்கும் நடுவே, இரண்டிலிருந்தும் நூறு புள்ளிகளுக்கு மேல் விலகித் திரும்பியது. இதைக் கோட்டின் கணக்கில் சேர்க்கவே கூடாது.

அடுத்தது 61.8 சதவீதம். எல்லோரும் தங்க விகிதம் என்று அதிகம் மதிக்கும் 10,551. ஜூலை 2 அன்று நிஃப்டி 10,552-ல் முடிந்தது. கிட்டத்தட்ட கோட்டின் மேலேயே. இங்கே திரும்பும் என்று விற்றவர்கள் இருந்திருப்பார்கள். மறுநாள் 10,607, ஜூலை 6 அன்று 10,764. கோடு தடுக்கவில்லை. நவம்பரில் நிஃப்டி ஜனவரி உச்சத்தையே தாண்டியது.

தோல்விக்கான அறிகுறி ஜூன் மாதமே தெரிந்தது. ரீட்ரேஸ்மென்டை நம்பி விற்பதன் பின்னால், பெரிய போக்கு இன்னும் இறக்கம்தான், இது இடைக்கால மீட்சி மட்டுமே என்ற அனுமானம் இருக்கிறது. ஜூன் 8 அன்று சந்தை 10,328-ஐத் தொட்டு ஏப்ரல் உச்சமான 9,889-ஐத் தாண்டியது. பிறகு இறங்கியபோதும் 9,500-க்கு மேலேயே நின்றது, மே மாதத்தின் 8,807-க்குப் போகவில்லை. உயர்ந்த உச்சம், உயர்ந்த தாழ்வு என்றால் போக்கு மாறிவிட்டது என்று பொருள். பாதிக்கோட்டுப் பட்டையும் அதற்குள் உடைந்திருந்தது. அனுமானமே உடைந்த பிறகு அடுத்த கோட்டில் விற்பதற்கு ஆதாரம் ஏது?

இந்தக் கோடுகள் எங்கே கவனிக்க வேண்டும் என்று சொல்லும், அங்கே என்ன நடக்கும் என்று சொல்லாது. ஆகவே விலை ஒரு மட்டத்தை நெருங்குவதற்கு முன் நான்கு விஷயங்களை எழுதி வையுங்கள்: எந்த ஹை, எந்த லோ எடுத்தீர்கள்; எந்தப் பட்டையைக் குறித்தீர்கள்; ஒன்றையொன்று சாராத வேறு ஆதாரங்கள் எவை; எந்த விலையைத் தாண்டினால் உங்கள் கருத்து தவறு. நான்காவதை எழுத முடியவில்லை என்றால், அந்தக் கோட்டை நம்பிப் பணம் போடாதீர்கள்.