ஓடும் ரயிலில் வீடியோ கால்: முதலில் குரலைக் காப்பாற்றுங்கள்

"சார், உங்க குரல் விட்டு விட்டுக் கேக்குது, முகம் அப்படியே நிக்குது" என்கிறார்கள் எதிர்முனையில். நம் திரையிலோ அவர்கள் எல்லோரும் பளிச்சென்று தெரிகிறார்கள், பேசுவதும் தெளிவாகக் கேட்கிறது. மேலே சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கின்றன. ரயிலிலோ பேருந்திலோ வீடியோ காலில் பேசியவர்களில் பலர் இந்தப் புதிரைச் சந்தித்திருப்பார்கள்.

டவர் பல பத்து வாட் சக்தியில் நமக்கு அனுப்புகிறது. நம் கையில் உள்ள ஃபோன் திருப்பி அனுப்பக்கூடிய அதிகபட்சச் சக்தி ஏறத்தாழ 0.2 வாட்தான். திருவிழா ஒலிபெருக்கியில் பேசுகிறவருக்குக் கூட்டத்தின் கடைசியில் நின்று வெறும் வாயால் பதில் சொல்வது போன்ற நிலை இது. அவர் சொல்வது நமக்குக் கேட்கும்; நாம் சொல்வது அவருக்குப் போய்ச் சேராது. சிக்னல் கோடுகள் காட்டுவது டவரிலிருந்து நமக்கு வரும் அலையின் வலிமையை மட்டுமே. நாம் அனுப்புவது அங்கே போய்ச் சேர்கிறதா, அந்த டவரில் எத்தனை பேர் நெருக்குகிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கோடுகளுக்குத் தெரியாது.

ஆகவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, பழுது எந்தத் திசையில் என்பதை. அவர்களை நமக்கு நன்றாகத் தெரிந்து, நாம் மட்டும் அங்கே உறைந்து நின்றால் கோளாறு நாம் அனுப்பும் பக்கம். நம் கேமராவை அணைத்தால் போதும், பெரும்பாலும் குரல் உடனே தெளிந்துவிடும். மாறாக, நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்டு, அவர்கள் படம் நம் திரையில் நின்றுபோனால் கோளாறு நமக்கு வரும் பக்கம். அப்போது நம் கேமராவை அணைத்துப் பெரிய பயன் இல்லை. அவர்களுடைய கேமராக்களை அணைக்கச் சொல்ல வேண்டும், அல்லது வரும் படங்களை நாமே நிறுத்த வேண்டும். ஜூமில் இதற்கு Stop incoming video என்ற வசதி இருக்கிறது.

கேமராவை அணைப்பதில் மிச்சமாவது கொஞ்சநஞ்சமல்ல. இன்றைய இணைய அழைப்புகளில் பரவலாகப் பயன்படும் ஓபஸ் என்ற ஒலிமுறை, நொடிக்கு 30 கிலோபிட் அளவிலேயே மனிதக் குரலைத் தெளிவாக அனுப்பிவிடும். பார்க்கும்படியான முகத்துக்கு 600 கிலோபிட்டாவது வேண்டும். ஒரு முகத்துக்கான இடத்தில் இருபது குரல்கள் போகும்.

'யூடியூப் மட்டும் இதே ரயிலில் தடங்கலில்லாமல் ஓடுகிறதே' என்று கேட்கலாம். யூடியூப் அடுத்து வரப்போவதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்கிறது. சிக்னல் பத்து நொடி போனாலும் சேமிப்பிலிருந்து ஓட்டும். உரையாடலை அப்படிச் சேமிக்க முடியாது, இன்னும் பேசாத சொல்லை எடுத்து வைப்பது எப்படி? ஒரு பக்கத்துக் குரல் மறுபக்கம் போய்ச் சேரும் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது, 400-ஐத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதனால் செயலி கையிருப்பாக வைத்துக்கொள்வது ஒரு நொடியின் சிறு பகுதியை மட்டுமே. ஒரு டவரிலிருந்து அடுத்ததற்கு ஒழுங்காக மாறும்போது ஏற்படும் இடைவெளி இதைவிடச் சிறியது, நாம் கவனிக்கவே மாட்டோம். இரண்டு டவர்களுக்கு இடையே சிக்னல் இல்லாத பொட்டல் இருந்தால்தான் அழைப்பு தடுமாறுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் ரயில், 3 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள டவர்களை இரண்டு நிமிடத்துக்குள் மாற்றிக்கொண்டே போகிறது. இந்த நிலையில் நமக்கு வேண்டியது வேகம் அல்ல, அறுபடாமை.

ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். கோவையிலிருந்து சென்னைக்குப் பகல் ரயிலில் வருகிற ஒருவருக்கு, நடுவே அரைமணி நேர அலுவலகக் கூட்டம். ஈரோடு முதல் சேலம் வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம், சங்ககிரி, மகுடஞ்சாவடி என்று ஊர்கள் தொடர்ந்து வரும் தடம். சேலத்தைத் தாண்டினால் டேனிஷ்பேட்டை, லோகூர், பொம்மிடிப் பக்கம் மலையும் காடும். மலை அலையை மறைக்கும். காட்டில் டவர்கள் நெருக்கமாக இருக்காது. கூட்டத்தை ஈரோடு தாண்டியதும் வைத்துக்கொள்ளக் கேட்பதே இவர் செய்யக்கூடிய முதல் காரியம். நேரத்தை மாற்ற முடியாவிட்டால், தான் பேச வேண்டியதைச் சேலத்துக்கு முன்பே பேசி முடித்துவிட்டு, அதன் பிறகு கேமராவை அணைத்துக் கேட்டுக்கொண்டு வரலாம்.

கிளம்பும் முன் இவர் ஃபோனில் செய்ய வேண்டியவை சில உண்டு. புகைப்படங்கள் தானாக மேகச் சேமிப்புக்கு ஏறுவதை நிறுத்த வேண்டும். ஊரில் எடுத்த கல்யாணப் படங்கள் அத்தனையும் அதே மெலிந்த ஏறுவழியில் வரிசை கட்டி நின்றால், குரல் அவற்றின் பின்னால் மாட்டிக்கொள்ளும். வைஃபையையும் அணைத்துவிடுவது நல்லது. முன்பு இணைந்த ரயில் நிலைய வைஃபையை ஃபோன் பிளாட்பாரத்தில் தானாகப் பிடித்துக்கொண்டால், அழைப்பின் இணைய முகவரி மாறிவிடும். டவர் மாறும்போது அந்த முகவரி மாறாது. வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் இடையே தாவினால் மாறும். செயலி மறுபடி வழி தேட வேண்டியிருக்கும். இரண்டு சிம் உள்ள ஃபோனில் டேட்டாவைத் தானாக மாற்றும் வசதியையும் இதே காரணத்துக்காக அணைக்க வேண்டும். 5ஜி விட்டு விட்டு வரும் தடத்தில் ஃபோன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவும். அமைப்புகளில் 4ஜியை மட்டும் தேர்ந்தெடுத்தால் அந்தத் தாவல் நிற்கும். வாட்ஸ்அப்பில் பேசுவதானால் Use less data for calls என்பதை இயக்கிக்கொள்ளலாம்.

உட்காரும் இடமும் முக்கியம். ஏசி பெட்டி உலோகக் கூடு. அதன் கண்ணாடிகளில் வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சு இருந்தால் அது அலையையும் தடுக்கும். ஸ்லீப்பரில் திறந்த ஜன்னல் ஓரம் அதைவிட மேல். பேருந்திலும் ஜன்னலோரமே நல்லது. லேப்டாப்பில் பேசுகிறவர் ஃபோனைப் பைக்குள் போடாமல், ஜன்னலோரம் வெயில் படாமல் வைத்து ஹாட்ஸ்பாட் எடுக்கட்டும். வெயிலில் சூடேறினால் ஃபோன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்த பிறகும் லோகூர் பக்கம் அழைப்பு நின்றுபோகலாம். உடனே வைத்துவிட வேண்டாம். செயலி சிறிது நேரம் தானாகவே இணைய முயலும். முற்றிலும் அறுந்துவிட்டால் யார் திரும்ப அழைப்பது என்று முதலிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் அழைத்தால் இருவருக்குமே கிடைக்காது.

அவசரமான பேச்சென்றால் சாதாரண ஃபோன் அழைப்புக்கு மாறிவிடுவதே சரி. 4ஜி வலையமைப்பு சாதாரண அழைப்பின் குரலுக்குத் தனி முன்னுரிமையும் உறுதிசெய்த இடமும் ஒதுக்குகிறது; வாட்ஸ்அப், ஜூம் குரல்கள் மற்ற டேட்டாவோடு முண்டியடித்துத்தான் போகின்றன. 2ஜி சேவையும் தரும் நிறுவனங்களில், 4ஜி இல்லாத இடத்தில் அழைப்பு 2ஜிக்கு இறங்கித் தப்பிக்கும். ஆகவே கூட்டம் தொடங்கும் முன்பே அலுவலக நண்பர் ஒருவரின் ஃபோன் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால், தேவைப்படும்போது அவருடைய ஸ்பீக்கர் வழியாகப் பேசி முடிக்கலாம்.

மறுமுனையில், வீட்டிலோ அலுவலகத்திலோ அசையாத வைஃபையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரயிலில் இருப்பவரிடம் "கேமராவைப் போடுங்க" என்று சொல்லாதீர்கள். அவர் சொல்வது உங்களுக்குக் கேட்க வேண்டுமென்றால், "கேமரா வேண்டாம், பேசுங்க" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.