லிஃப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் பூச்சுக்கும் மாதம் 1,050

சென்னையில் எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். 2010-ல் குடிவந்தபோது, வீட்டுக்கு 20,000 வீதம் வசூலித்த கார்பஸ் தொகை 4,80,000 ரூபாயை பில்டர் சங்கத்திடம் ஒப்படைத்தார். மாத மெயின்டனன்ஸை உயர்த்த எங்களுக்கு மனம் வரவில்லை. 2012-ல் நாளுக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. டீசலுக்குத் துண்டு விழுந்தபோதெல்லாம் கார்பஸில்தான் கைவைத்தோம்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் புகுந்து கன்ட்ரோலர் வரை பழுதானது. வீட்டுக்கு 15,000 கேட்டோம். எல்லாரிடமும் வசூலாகி லிஃப்ட் ஓட ஆறு வாரம் ஆனது. அதுவரை நாலாவது மாடிப் பாட்டி கீழே இறங்கவே இல்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இன்று பொருளாளராக நான் வைத்திருக்கும் முதல் விதி இது: ஆண்டுதோறும் வரும் செலவு மெயின்டனன்ஸ், பல ஆண்டுக்கு ஒருமுறை வருவது மட்டுமே கார்பஸ். டீசல், லிஃப்ட் ஏஎம்சி, சர்வீஸ் எல்லாம் மெயின்டனன்ஸில் போகும்.

கார்பஸில் வருபவை மூன்று. வெளிப்பூச்சும் மொட்டைமாடி நீர்க்காப்பும் நான்கு ஆண்டில் வரும். இன்றைய மதிப்பீடு 6,40,000. ஜெனரேட்டர் ஆறு ஆண்டில், 4,80,000. லிஃப்டின் மோட்டார், கன்ட்ரோலர், கயிறு எட்டு ஆண்டில், 9,60,000. ஏஎம்சியில் சேராத பாகங்களை ஒப்பந்தத்தைப் படித்துத்தான் பிரித்தோம்.

ஜெனரேட்டர் விஷயத்தில் வாக்குவாதம் வந்தது. கரண்ட் இப்போது அதிகம் போவதில்லை, மணிக்கணக்கு மீட்டரும் மெதுவாகத்தான் ஏறுகிறது, பிறகேன் மாற்ற வேண்டும் என்றார்கள். ஓடாத ஜெனரேட்டரும் கெடும். டேங்கில் பழைய டீசல் கசடாகும், ரப்பர் குழாய்கள் வெடிக்கும். அதனால் மாதம் ஒருமுறை லிஃப்டை அதில் ஓட்டிப் பார்க்கிறோம். ஆறு ஆண்டுக் கெடுவை மட்டும் தள்ளவில்லை.

கையிருப்பு 2,40,000. அதை முதலில் வரும் பூச்சு வேலைக்கு ஒதுக்கினால் பாக்கி 4,00,000; ஆண்டுக்கு ஒரு லட்சம். ஜெனரேட்டருக்கு 80,000, லிஃப்டுக்கு 1,20,000. மொத்தம் ஆண்டுக்கு மூன்று லட்சம். 24 வீட்டுக்கும் 12 மாதத்துக்கும் வகுத்தால் 1,042 வரும். 1,050 என்று வைத்தோம். வைப்புநிதி வட்டியை வரவில் சேர்க்கவில்லை. வரி போக மிஞ்சுவது விலையேற்றத்துக்கே சரியாகிவிடும். அந்த ஊகம் பிசகலாம் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புது கொட்டேஷன் வாங்கித் திருத்துகிறோம். நான்காம் ஆண்டில் பூச்சு முடிந்ததும் தொகையைக் குறைப்பதில்லை. அடுத்த பூச்சுக்கு அன்றே சேர்க்கத் தொடங்க வேண்டும்.

கீழ்த்தள வீட்டுக்காரர் ஒருவர், "நான் லிஃப்டில் ஏறுவதே இல்லையே சார்" என்றார். லிஃப்ட் பொதுச்சொத்து, பத்திரத்தில் அவருக்கும் அதில் பங்குண்டு என்று எடுத்துச் சொன்னோம். வீடுகள் ஏறத்தாழ ஒரே அளவு என்பதால் சமமாகப் பிரித்தோம். அளவு மாறுபட்டால் நிலப்பங்கின் விகிதத்தில் பிரித்திருப்போம். கார்பஸுக்குத் தனி வங்கிக் கணக்கு. பொதுக்குழுத் தீர்மானம் இல்லாமல் அதிலிருந்து காசு எடுக்க முடியாது.