கடைசி ஆட்டத்துக்கு முன் ஒரு சீட்டின் விலை

2019 ஜனவரி 3 காலையில், வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் பட்டியலில் 31 அணிகளில் கடைசியாக நின்றது செயின்ட் லூயிஸ் புளூஸ். 1967-இல் ஆடத் தொடங்கியதிலிருந்து அந்த அணி ஸ்டான்லி கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. அந்த மாதம் லாஸ் வேகாஸுக்குப் போன செயின்ட் லூயிஸ் ரசிகர் ஒருவர், உரிமம் பெற்ற பந்தயக் கவுன்ட்டரில் தன் அணி மேல் 400 டாலர் கட்டினார். ரேட் ஒன்றுக்கு 250. பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

ஐந்து மாதம் கழித்து புளூஸ் இறுதிச் சுற்றில் இருந்தது. ஏழு ஆட்டத் தொடர் மூன்றுக்கு மூன்று என்று நின்றது. ஜூன் 12, பாஸ்டனில் ஏழாவது ஆட்டம். புளூஸ் ஜெயித்தால் அந்தச் சீட்டுக்கு 1,00,000 டாலர் லாபம், கட்டிய 400-ம் திரும்ப வரும். தோற்றால் அது வெறும் காகிதம்.

இந்த நிலையில் இருப்பவருக்கு ஒரு வழி உண்டு. கடைசி ஆட்டத்தில் எதிரணி மேலும் பணம் கட்டிவிட்டால், யார் ஜெயித்தாலும் லாபம் நிச்சயம். ஹெட்ஜ் என்று சொல்வது இதைத்தான். எவ்வளவு கட்ட வேண்டும் என்பது ஒரே ஒரு வகுத்தல்.

அன்று சொந்த ஊரில் ஆடிய பாஸ்டனுக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று புக்கிகள் கணித்திருந்தார்கள். கணக்குக்காக பாஸ்டன் 1.60, புளூஸ் 2.45 என்று வைத்துக்கொள்வோம். 1.60 என்றால், கட்டிய ஒவ்வொரு டாலருக்கும் முதலோடு சேர்த்து 1.60 கைக்கு வரும். சீட்டு தரப்போகும் 1,00,400-ஐ 1.60-ஆல் வகுத்தால் 62,750. அவ்வளவையும் பாஸ்டன் மேல் கட்டினால், பாஸ்டன் ஜெயித்தால் 1,00,400 வரும். புளூஸ் ஜெயித்தால் பழைய சீட்டு அதே 1,00,400-ஐத் தரும். எப்படிப் போனாலும் கட்டிய 62,750 போக 37,650 மிச்சம். முதலில் போட்ட 400-ஐக் கழித்தால் 37,250 லாபம், ஆட்டத்தைப் பார்க்காமலே தூங்கப் போகலாம்.

இதற்குக் கொடுத்த விலை என்ன? "புளூஸ் ஜெயித்திருந்தால் லட்சம் வந்திருக்குமே, அறுபத்திரண்டாயிரம் போச்சே" என்று பலர் கணக்குப் போடுவார்கள். அது தப்பு. பாஸ்டன் ஜெயித்திருந்தால் கையில் ஒன்றுமே இருந்திருக்காது என்பதை அந்தக் கணக்கு மறந்துவிடுகிறது. உண்மையான விலை வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது.

100-ஐ 1.60-ஆல் வகுத்தால் 62.5; 2.45-ஆல் வகுத்தால் 40.8. இவை இரண்டு அணிகளின் வெற்றி வாய்ப்பு என்று புக்கி சொல்லும் சதவீதங்கள். கூட்டினால் 103.3 வருகிறது. இரண்டில் ஒரு அணிதான் ஜெயிக்கும் என்னும்போது நூறுக்கு மேல் நிற்கும் அந்த 3.3 எங்கிருந்து வந்தது? அதுதான் புக்கியின் கமிஷன். அதை நீக்கிப் பார்த்தால் பாஸ்டனுக்கு 60.5, புளூஸுக்கு 39.5 சதவீத வாய்ப்பு. அப்படியானால் அந்தச் சீட்டின் அன்றைய நியாயமான மதிப்பு, 1,00,400-இல் 39.5 சதவீதம், அதாவது ஏறக்குறைய 39,660 டாலர். ஹெட்ஜ் செய்தவருக்குக் கிடைப்பதோ 37,650. இடையில் காணாமல் போன 2,000 டாலர்தான் நிம்மதியின் விலை.

இதை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். எதிரணி மேல் கட்டும் ஒவ்வொரு டாலரிலும் சராசரியாக மூன்று சென்ட்டுக்குச் சற்று மேல் புக்கிக்குப் போகிறது. 62,750 டாலர் கட்டினால் அது 2,000 ஆகிறது. அதாவது விலை தீர்மானமாவது எவ்வளவு கட்டுகிறோம் என்பதில்தான். பழைய சீட்டு எவ்வளவு மலிவாக வாங்கியது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நம் அணிக்கு வாய்ப்பு குறைவாக இருக்கும்போது எதிரணியின் ரேட் தாழ்ந்திருக்கும், அதனால் கட்ட வேண்டிய தொகை பெரிதாகும், சீட்டின் மதிப்போடு ஒப்பிட்டால் விலை கூடும். அரையிறுதிக்கு முன் ஒருமுறை, இறுதிக்கு முன் ஒருமுறை என்று ஒவ்வொரு சுற்றிலும் ஹெட்ஜ் செய்பவர் இந்தக் கமிஷனைத் திரும்பத் திரும்பக் கட்டுகிறார்.

ஒரே கடையில் நிற்காமல் நாலு கடை விசாரித்தால் விலை குறையும். பாஸ்டனுக்கு வேறொருவர் 1.63 கொடுத்தால் கட்ட வேண்டியது 61,595, மிஞ்சுவது 38,805. இரண்டாவது புள்ளிக்குப் பின் மூன்று எண் மாறியதற்கு 1,155 டாலர். போன 2,000-இல் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. முழுதும் அடைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பாஸ்டன் மேல் 20,000 மட்டும் கட்டினால், பாஸ்டன் ஜெயித்தால் 11,600 லாபம், புளூஸ் ஜெயித்தால் 80,000. கமிஷனாகப் போவது சுமார் 640. 400 டாலர் போட்டவருக்கு வெறுங்கை என்ற பயம் இதிலேயே தீர்ந்துவிடும். என்னைக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு இந்த அளவு போதும். ஆனால் அந்தப் பணம் வீட்டுக் கடனையே முடித்துவைக்கும் என்றால், 2,000 கொடுத்து முழுதும் அடைப்பவரை முட்டாள் என்று சொல்ல மாட்டேன்.

சிக்கல் வேறு: 400 டாலர் கட்டுகிறவரிடம் 62,750 டாலர் ரொக்கம் எங்கே இருக்கும்? அதனால்தான் அமெரிக்காவில் இப்படிப்பட்ட சீட்டுகளை வாங்கி விற்கும் சந்தையே இருக்கிறது. ஆன்லைன் நிறுவனங்களில் கேஷ் அவுட் என்ற பட்டன் இருக்கிறது. அழுத்தினால் சீட்டை அவர்களே எடுத்துக்கொண்டு பணம் தருவார்கள். கையிலிருந்து எதுவும் போட வேண்டாம் என்பது வசதி. விலையை அவர்களே சொல்வது அதன் விலை. 2016-இல் லெஸ்டர் சிட்டி கால்பந்து அணி இங்கிலாந்து லீக்கை வெல்லும் என்று 5,000 மடங்கு ரேட்டில் 50 பவுண்ட் கட்டியிருந்த ரசிகர் ஒருவர், சீசன் முடியும் முன் 72,335 பவுண்டுக்கு அப்படி வெளியேறினார். லெஸ்டர் வென்றது, காத்திருந்தால் இரண்டரை லட்சம். அவருக்கு வேறு எளிய வழியும் இல்லை. லீக்கில் இறுதி ஆட்டம் கிடையாது, எதிரணி ஒன்றல்ல பல. ஒரே ஆட்டம், இரண்டே முடிவு என்று இருந்தால்தான் மேலே போட்ட வகுத்தல் செல்லும்.

நிறுவனம் சொல்லும் தொகை சரியா என்று பார்க்க அதே வகுத்தல் உதவும். நாமே எதிர்த்துக் கட்டினால் 37,650 மிஞ்சும் என்று தெரிந்திருக்கும்போது பட்டனில் 33,000 காட்டினால், அந்த 4,650 எங்கே போகிறது என்பது புரிந்துவிடும்.

செயின்ட் லூயிஸ் ரசிகர் சீட்டை விற்கவுமில்லை, எதிர்த்துக் கட்டவுமில்லை. புளூஸ் 4-1 என்று ஜெயித்தது. முதல் பகுதியிலேயே இரண்டு கோல்; கோல் காப்பாளர் பின்னிங்டன் 32 அடிகளைத் தடுத்தார். அவர் செய்ததுதான் சரி என்று இது காட்டுவதில்லை. பத்தில் ஆறு முறை பாஸ்டன் ஜெயிக்கும் என்று கணிக்கப்பட்ட ஆட்டம் அது.

ஹெட்ஜ் செய்பவர்கள் பணத்தைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் எதிரணிச் சீட்டை வாங்கும் இடத்தில். ஹாக்கியில் "60 நிமிடத்தில் யார்" என்று தனியாக ஒரு பந்தயம் உண்டு; கால்பந்தில் அதுவே 90 நிமிடம். அதில் ரேட் கவர்ச்சியாக இருக்கும், 1.60 கிடைக்கும் இடத்தில் இரண்டுக்கு மேலேகூட. காரணம், அங்கே டிராவும் ஒரு முடிவு. ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்தில் பாஸ்டன் ஜெயித்தால் பழைய சீட்டும் செத்தது, புதிய சீட்டும் செத்தது, 62,750-ம் போயிற்று. பலகையில் ஒரு ஆட்டத்துக்கு மூன்று ரேட் எழுதியிருந்தால் அது இந்தப் பந்தயம். இரண்டு மட்டும் இருந்தால், கூடுதல் நேரமும் சேர்த்தியா என்று கவுன்ட்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்ட வேண்டும்.